ஐந்து துணித் துண்டுகளும் இரண்டு மில்லி தண்ணீரும்

ஈரோட்டில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கும் என் அண்ணன் மகன், "வெயில் காலத்திற்கு ஏற்ற துணி எது?" என்ற செயல்திட்டத்தோடு சென்ற ஏப்ரல் மாதம் என்னிடம் வந்தான். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆலையின் சோதனைக்கூடத்தில் நான் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், தான் எழுதிய முடிவைச் சரிபார்த்துக் கொடுத்தால் போதும் என்பது அவன் எண்ணம். வீட்டிலிருந்த நான்கு சட்டைகளை வாளியில் முக்கிப் பிழிந்து, கொடியில் போட்டு, அவ்வப்போது கையால் தொட்டுப் பார்த்துக் காய்ந்த நேரத்தைக் குறித்திருந்தான். பாலியஸ்டர் சட்டை முக்கால் மணி நேரத்திலும், பருத்திச் சட்டை இரண்டரை மணி நேரத்திலும் காய்ந்ததாம். ஆகவே பாலியஸ்டர் இழை தண்ணீரை வேகமாக வெளியேற்றுகிறது என்றும், அதனால் அதுவே வெயிலுக்கு ஏற்றது என்றும் எழுதியிருந்தான்.

அந்த இரண்டு வாக்கியங்களும் எனக்குச் சரியாகப் படவில்லை. நான்கு சட்டைகளும் கனத்தில் வேறு, நெசவில் வேறு; பிழிந்த பிறகு ஒவ்வொன்றும் எவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டிருந்தது என்பதை அவன் அளக்கவே இல்லை. ஒரு குடம் தண்ணீரும் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரே நேரத்தில் வற்றுமா என்று கேட்டேன். "அப்படிப் பாத்தா எடை போட்டுத்தானுங்க சித்தப்பா பாக்கணும்" என்றான். அங்கிருந்து நாங்கள் முதலிலிருந்து தொடங்கினோம்.

கட்பீஸ் கடையிலும் பழைய நண்பர்களிடமும் அலைந்து ஐந்து துணிகளைச் சேர்த்தோம்: மெல்லிய பருத்தி மல் துணி, பருத்தி பனியன் துணி, ரேயான், விளையாட்டு டீசர்ட் தைக்கும் பாலியஸ்டர் பின்னல் துணி, பாலியஸ்டர் புடவைத் துணி. லினனையும் சேர்க்க விரும்பினோம். ஆனால் கடையில் லினன் என்று கொடுத்த துண்டில் இழைகள் தடித்தும் மெலிந்தும் ஓடியதைத் தவிர லினனுக்கு உரிய அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு நூலை எரித்துப் பார்த்தால் பாலியஸ்டரா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கிக் கறுப்பு மணியாக இறுகும், பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். ஆனால் லினனும் பருத்தியும் ரேயானும் ஒரே செல்லுலோஸ் என்பதால் மூன்றும் ஒரே மாதிரிதான் எரியும். உறுதியாகத் தெரியாத துணியை வைத்து எண்களை எழுதுவதைவிட விட்டுவிடுவது மேல் என்று விட்டுவிட்டோம்.

ஒவ்வொரு துணியிலும் 20 சென்டிமீட்டர் சதுரமாக மூன்று துண்டுகள் வெட்டினோம். ஆலையில் இதற்கென்று வட்டமான ஜிஎஸ்எம் வெட்டி இருக்கும். அது சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டத்தை வெட்டித் தரும். அதன் எடையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது கிடைத்துவிடும். வீட்டில் அளவுகோலும் கூர்மையான கத்தரிக்கோலும் போதும். 20 சென்டிமீட்டர் சதுரம் 400 சதுர சென்டிமீட்டர் என்பதால் எடையை 25ஆல் பெருக்க வேண்டும். மல் துண்டு 2.8 கிராம் இருந்தது, அதாவது 70 ஜிஎஸ்எம். பனியன் துண்டு 7.2 கிராம், அதாவது 180. ரேயான் 5.2, விளையாட்டுப் பாலியஸ்டர் 5.8, புடவைத் துணி 3.1 கிராம். எடை பார்க்க நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய நகைத் தராசு ஒன்றை வாங்கினோம். இந்தச் சோதனை முழுவதற்கும் காசு கொடுத்து வாங்கிய கருவி அது ஒன்றுதான்.

முதல் நாள் முழுவதும் வீணாயிற்று. காரணம் கஞ்சி. கடையிலிருந்து வந்த மல் துணியை அப்படியே நனைத்தபோது அது தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்கியது. சோதனைக்கூடத்தில் செய்வதுபோல, துணியை எம்பிராய்டரி வளையத்தில் இழுத்துக் கட்டி, ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு துளி விட்டுப் பார்த்தோம். துளியின் மேலுள்ள பளபளப்பு மறையும் வரை எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுவதுதான் இந்தச் சோதனை. கடைத் துணியில் அரை நிமிடத்திற்கு மேலாகியும் துளி முத்துப்போல நின்றது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் சலவைச் சோடாவும் சாதாரண சலவைத் தூளும் போட்டு இரண்டு முறை அலசிய பிறகு, அதே துணியில் துளி ஒரு வினாடிக்குள் பரவிவிட்டது. ஐந்து துணிகளையும் இப்படியே அலசி, சுருங்கியவற்றைப் புதிதாக வெட்டி, மேற்சொன்ன எடைகளை அதன் பிறகே எடுத்தோம். புதுத் துணியை வாங்கி வந்த அன்றே "இந்தப் பருத்தி வியர்வையை உறிஞ்சவில்லை" என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் பருத்தியைப் பற்றிப் பேசவில்லை. அதன் மேலிருக்கும் கஞ்சியையும் மெருகூட்டியையும் பற்றிப் பேசுகிறார்கள்.

துணி துவைத்தபின் கடைசி அலசலில் சேர்க்கும் மணமுள்ள மென்மையூட்டியும் இதையேதான் செய்கிறது. அலசிய விளையாட்டுத் துணியின் ஒரு துண்டை அதில் முக்கி உலர்த்திப் பார்த்தோம். முன்பு இரண்டு வினாடியில் பரவிய துளி இப்போது நாற்பது வினாடி நின்றது. இழையின் மேல் படியும் அந்த வழவழப்பு, கைக்கு இதமாகவும் தண்ணீருக்குத் தடையாகவும் இருக்கிறது. குளியல் துண்டுக்கும் விளையாட்டு உடைக்கும் அதை ஊற்ற வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் உண்மையான சோதனை தொடங்கியது. ஐந்து துண்டுகளையும் பத்து நிமிடம் ஊற வைத்து, வலைப்பையில் போட்டு, சலவை இயந்திரத்தின் ஸ்பின்னரில் மூன்று நிமிடம் சுழற்றினோம். கையால் பிழிந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு விசை கிடைக்கும். மேலும் ரேயான் ஈரத்தில் தன் வலிமையில் பாதியை இழந்துவிடும் என்பதால் முறுக்கிப் பிழிவது அதற்கு ஆகாது. சுழற்றிய உடனே எடை பார்த்தபோது பனியன் துண்டில் 4.3 கிராம் தண்ணீரும், ரேயானில் 4.4 கிராமும், விளையாட்டுத் துணியில் 2.1 கிராமும், மல்லில் 1.5 கிராமும், புடவைத் துணியில் வெறும் 0.6 கிராமும் இருந்தன. கொடியில் போடும் முன்பே பந்தயம் பாதி முடிந்துவிட்டது என்பது அந்த எண்களைப் பார்த்தபோதே தெரிந்தது.

வெயில் படாத கூடத்தில், மின்விசிறியின் கீழே, இரண்டு மூலைகளிலும் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, மூன்று நிமிடத்திற்கு ஒரு முறை கழற்றி எடை பார்த்தோம். இதில் இரண்டு தொல்லைகள் வந்தன. விசிறிக் காற்று தராசுத் தட்டை அழுத்தி எண்களை ஆட வைத்தது. தராசை ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, முன்பக்கத்தை மட்டும் திறந்துவைத்ததும் அது நின்றது. கொடியின் நடுவில் தொங்கிய துண்டு ஓரத்தில் தொங்கியதைவிட வேகமாகக் காய்ந்தது. ஒவ்வொரு முறை எடை பார்த்த பிறகும் துண்டுகளின் இடத்தை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி அதைச் சமன்செய்தோம்.

மூன்றாவது தொல்லை கொஞ்சம் நுட்பமானது. பனியன் துண்டு மாலையில் எவ்வளவு நேரம் தொங்கினாலும் காலையில் எடுத்த உலர் எடைக்குத் திரும்பவே இல்லை, 0.2 கிராம் கூடுதலாகவே நின்றது. அண்ணன் மகன் தராசைச் சந்தேகித்தான். தராசு சரியாகத்தான் இருந்தது, மாறியது காற்று. பருத்தி எப்போதும் காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை வாங்கி இழைக்குள் வைத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது அது தன் எடையில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு வரை இருக்கும். ரேயானில் இது 12, 13 வரை போகும். பாலியஸ்டரில் அரை விழுக்காடுகூட இல்லை. அன்று மாலை காற்றில் ஈரம் ஏறியதால் "உலர்ந்த" பருத்தியின் எடையும் ஏறியிருந்தது. அதனால் ஒவ்வொரு துணியிலும் நனைக்காத ஒரு துண்டைப் பக்கத்திலேயே தொங்கவிட்டு, நனைத்த துண்டின் எடை அதன் எடையோடு ஒன்றும்போது உலர்ந்துவிட்டதாகக் கணக்கிட்டோம். வீட்டில் இந்தச் சோதனையைச் செய்பவர்கள் இந்த ஒரு துண்டைத் தவறவிட்டால், பருத்தியின் மேல் இல்லாத பழி விழும்.

காலை பத்து மணிக்கு, 32 பாகையில், காற்றின் ஈரப்பதம் அறுபதை ஒட்டி இருந்தபோது எடுத்த அளவுகளைச் சொல்கிறேன். முதல் ஆறு நிமிடத்தில் மல் துண்டு இழந்தது 1.2 கிராம். பனியன் துண்டும் 1.2. விளையாட்டுப் பாலியஸ்டரும் 1.2. ரேயான் 1.3. புடவைத் துணி மட்டும் அதற்குள் தன்னிடமிருந்த எல்லாத் தண்ணீரையும் விட்டுவிட்டதால் கணக்கில் சேரவில்லை. அண்ணன் மகன் இந்த எண்களை இரண்டு முறை திரும்பப் பார்த்தான். இழை எதுவாக இருந்தாலும், ஈரமாக இருக்கும்வரை, ஒரே பரப்பிலிருந்து ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர்தான் போகிறது; இங்கே நிமிடத்திற்கு 0.2 கிராம். துணியின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்வரை காற்றுக்குத் தெரிவது அந்த நீர் மட்டுமே, அடியில் இருப்பது பருத்தியா பாலியஸ்டரா என்பது அதற்குத் தெரியாது. மல் பத்து நிமிடத்தில் காய்ந்தது, விளையாட்டுத் துணிக்குப் பன்னிரண்டு, பனியனுக்கு இருபத்தேழு, ரேயானுக்கு முப்பத்திரண்டு. நூறு விழுக்காடு பருத்தியான மல், வேகமாக உலரும் என்று விளம்பரப்படுத்தப்படும் துணியை முந்திவிட்டது, ஏனென்றால் அதனிடம் இழப்பதற்குத் தண்ணீர் குறைவாக இருந்தது.

இழையின் குணம் கடைசிக் கட்டத்தில்தான் தலைகாட்டுகிறது. பனியன் துண்டு முதல் பதினெட்டு நிமிடத்தில் 3.6 கிராமை இழந்தது, மீதியிருந்த 0.7 கிராமுக்கு ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. ரேயானும் அதே பதினெட்டு நிமிடத்தில் 3.6 கிராமை இழந்துவிட்டு, மீதி 0.8 கிராமுக்குப் பதினான்கு நிமிடம் இழுத்தது. மேற்பரப்பு நீர் தீர்ந்த பிறகு இழைகளுக்கு நடுவிலும் இழைக்கு உள்ளேயும் இருக்கும் நீர் வெளியே வர வேண்டியிருப்பதால் வேகம் படிப்படியாகக் குறைகிறது. நீரை உள்ளே வாங்கும் இழைகளில் இந்த வால் நீளமாக இருக்கிறது. கையால் தொட்டுப் பார்ப்பவர் இந்த வாலைத்தான் "பருத்தி காயவே மாட்டேங்குது" என்று உணர்கிறார்.

ஆனால் உடம்பில் நடப்பது இப்படியில்லை. சட்டையை யாரும் வாளியில் முக்கி உடுத்துவதில்லை. வியர்வை சுரப்பது உடம்பு. அதன் அளவைச் சட்டை தீர்மானிப்பதில்லை. எனவே எல்லாத் துணிக்கும் ஒரே அளவு தண்ணீர் கொடுத்துப் பார்ப்பதுதான் உண்மைக்கு நெருக்கம். மருந்துக் கடை சிரிஞ்சால் இரண்டு மில்லி தண்ணீரை எடுத்து, வளையத்தில் கட்டிய உலர்ந்த துண்டின் நடுவில் மெதுவாக விட்டோம். வளையம் மேசையைத் தொடாமல் நான்கு தம்ளர்களின் மேல் நின்றதால் இரண்டு பக்கமும் காற்றுப் பட்டது. துணியின் மேல் தண்ணீர் பரவிய வட்டத்தை ஐந்து நிமிடம் கழித்துப் பென்சிலால் வரைந்து அளந்தோம்.

மல் துணியில் வட்டத்தின் குறுக்களவு 15 சென்டிமீட்டர் இருந்தது. விளையாட்டுத் துணியில் 14. ரேயானில் 12. தடித்த பனியன் துணியில் 10 மட்டுமே; அதன் தடிமனுக்குள்ளேயே தண்ணீர் தங்கிக்கொண்டது. புடவைத் துணியில் வட்டமே விழவில்லை. தண்ணீர் குட்டையாக நின்று, வளையத்தை அசைத்ததும் ஓரத்திற்கு ஓடியது. உலர்ந்த நேரங்களும் அந்த வரிசையிலேயே வந்தன: மல் 21 நிமிடம், விளையாட்டுத் துணி 24, ரேயான் 34, பனியன் 47. இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 சென்டிமீட்டர் வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 177 சதுர சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் வட்டத்தின் பரப்பு 79. முதலாவது இரண்டாவதைப் போல இரண்டேகால் மடங்கு. 47ஐ 21ஆல் வகுத்தாலும் அதே இரண்டேகால்தான் வருகிறது. இரண்டும் பருத்திதான், ஆனாலும் காய்ந்த நேரத்தில் இவ்வளவு வேறுபாடு. வியர்வையை எவ்வளவு அகலமாகப் பரப்பிக் காற்றுக்குக் காட்டுகிறது என்பதே துணியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. விளையாட்டுத் துணியை உருவாக்குபவர்கள் பாலியஸ்டர் இழையை மிக நுண்ணியதாக இழுத்து, அதன் வெட்டுமுகத்தில் பள்ளங்கள் வைத்து, மேலே நீர் பரவும் பூச்சும் கொடுப்பது இந்தப் பரவலுக்காகத்தான். புடவைத் துணியும் பாலியஸ்டர்தான், ஆனால் அதில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே "பாலியஸ்டர்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது சுகம். இதை அளக்கத் தராசு இல்லை, தோல்தான் கருவி. அண்ணன் மகன் கண்ணை மூடிக்கொள்ள, அவனுடைய முன்கையின் உட்பக்கத்தில் ஒவ்வொரு துண்டையும் வைத்தோம். ஒவ்வொரு துண்டிலும் முன்கூட்டியே ஆறு துளி, அதாவது ஏறக்குறைய 0.3 கிராம் தண்ணீரைத் தெளித்து, ஒரு பாலிதீன் பையில் கால் மணி நேரம் மூடி வைத்து ஈரத்தைச் சமமாக்கியிருந்தோம். பனியன் துண்டை "காஞ்சது" என்றான். ரேயானையும் அப்படியே சொன்னான். மல்லைப் பற்றித் தயங்கினான். இரண்டு பாலியஸ்டர்களையும் உடனே "ஈரம்" என்றான், புடவைத் துணியை வைத்தபோது கையை இழுத்துக்கொண்டான். ஒரே அளவு தண்ணீர்தான். ஆனால் பருத்தியும் ரேயானும் அதை இழைக்குள் வாங்கிக்கொண்டதால் தோலுக்கு அது தட்டவில்லை. பாலியஸ்டர் உள்ளே வாங்காததால் அந்த நீர் முழுவதும் இழையின் மேலேயே நின்று தோலைத் தொட்டது. வியர்வை துளியாகத் திரளும் முன்பே, ஆவியாக இருக்கும் நிலையிலேயே, பருத்தி அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு மதியப் புழுக்கத்தில் பருத்தி இதமாக இருப்பதற்கும், பாலியஸ்டர் சட்டைக்குள் முதுகு சீக்கிரமே பிசுபிசுப்பதற்கும் இதுவே பெரும்பகுதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கொள்ளளவுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைப் பார்க்க, மாலை நான்கரை மணிக்கு, 36 பாகை வெயிலில், நாற்பது நிமிடம் வேகமாக நடந்து பார்க்கச் சொன்னேன். ஒரு நாள் பருத்தி டீசர்ட், அடுத்த நாள் விளையாட்டு டீசர்ட், மூன்றாம் நாள் தளர்வாகத் தைத்த மல் ஜிப்பா. நடப்பதற்கு முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் உடையை நிறுத்தோம். பருத்தி டீசர்ட் 46 கிராம் கூடியிருந்தது, விளையாட்டு டீசர்ட் 28, ஜிப்பா 22. நாளுக்கு நாள் வெயிலும் அவன் நடந்த வேகமும் கொஞ்சம் மாறியிருக்கும் என்பதால் இந்த எண்களை அந்த அளவுக்கே நம்ப வேண்டும். பருத்தி டீசர்ட்டில் முதல் பத்து நிமிடம் எந்தத் தொல்லையும் தெரியவில்லை என்றும், அதன் பிறகு முதுகில் ஒட்டிக்கொண்டு தோலை உரசியது என்றும் சொன்னான். வீட்டுக்கு வந்து விசிறியின் கீழ் உட்கார்ந்ததும் அரை மணி நேரம் அது சில்லிட்டுக் கிடந்தது. விளையாட்டு டீசர்ட் ஒட்டவில்லை, பத்து நிமிடத்தில் காய்ந்தும் விட்டது. ஆனால் நடக்கும்போது அது குளிர்ச்சியாக இருந்ததா என்று கேட்டபோது அவன் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: "ஒட்டலைங்க சித்தப்பா, ஆனா அனலாத்தான் இருந்துச்சு."

அவன் சொன்னதில் பொருள் இருக்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அந்த வெப்பம் தோலிலிருந்து போனால்தான் உடம்பு குளிரும். வியர்வையைத் துணி உறிஞ்சித் தன் வெளிப்பக்கத்திற்குக் கொண்டுபோய் அங்கே ஆவியாக்கினால், தேவையான வெப்பத்தில் ஒரு பகுதியை அது சுற்றியுள்ள சூடான காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தோலுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி அந்த அளவுக்குக் குறைகிறது. உலர்ந்த துணி வேறு, குளிர்ந்த உடம்பு வேறு. ஜிப்பாவை அவன் மூன்றிலும் சிறந்தது என்று சொன்னதற்குக் காரணம் அது பருத்தி என்பது மட்டுமல்ல. நெசவு இடைவெளி வழியாகக் காற்று உள்ளே வந்து தோலின் மேலேயே வியர்வையை ஆற்றியது, தளர்வாக இருந்ததால் ஒவ்வோர் அடிக்கும் துணி அசைந்து உள்ளே இருந்த ஈரக் காற்றை வெளியே தள்ளியது. அதே மல்லை உடம்போடு ஒட்டித் தைத்திருந்தால் இந்தப் பேறு கிடைத்திருக்காது.

மே மாதத் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலுள்ள என் அக்கா வீட்டிற்குச் சென்றபோது துண்டுகளையும் தராசையும் எடுத்துச் சென்றோம். கூடவே இரண்டு சாதாரண வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் மீந்த மல் துணியைச் சுற்றி, அதன் நுனியை ஒரு கிண்ணத் தண்ணீரில் விட்டு, விசிறிக் காற்றில் வைத்தால் அது ஈரத்துணி எவ்வளவு குளிரும் என்பதைக் காட்டும். ஈரோட்டில் சோதனை செய்த காலையில் உலர்ந்த குமிழ் 32ஐயும் ஈரக் குமிழ் இருபத்தைந்தரையையும் காட்டின. வேறுபாடு ஆறரைப் பாகை. நாகப்பட்டினத்தில் உலர்ந்த குமிழ் 31, ஈரக் குமிழ் 28, வேறுபாடு மூன்றுதான். துண்டுகளைத் தொங்கவிட்டபோது, ஈரோட்டில் நிமிடத்திற்கு 0.2 கிராம் இழந்த அதே துணிகள் இங்கே 0.1 கிராமை மட்டுமே இழந்தன. வெப்பநிலையில் ஒரு பாகைதான் குறைவு, ஆனால் உலரும் வேகம் பாதி. துணியின் பெயரைவிட இந்த இரண்டு குமிழ்களின் இடைவெளி பெரிதாகப் பேசியது.

கடற்கரையிலும் துணிகளின் வரிசை மாறவில்லை. மல்லும் விளையாட்டுத் துணியும் முன்போலவே முதலில் வந்தன. ஆனால் ரேயானின் வால் இன்னும் நீண்டு, உலர ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. ஈரோட்டில் உட்கார்ந்த இடத்தில் சுகமாக இருந்த பருத்தி டீசர்ட், இங்கே காலையிலேயே நனைந்து, குளியல் நேரம் வரை நனைந்தே இருந்தது. எடுத்துக்கொண்ட ஈரத்தைத் திருப்பிக் கொடுக்க இங்குள்ள காற்றில் இடமில்லை என்பதால், அதிகமாக எடுத்துக்கொள்ளும் துணி இங்கே சுமையாகிவிடுகிறது. அண்ணன் மகன் தன் அறிக்கையில் "வெயில் காலத்திற்கு ஏற்ற துணி" என்ற தலைப்பை அடித்துவிட்டு, ஈரோட்டுக்கு ஒரு பக்கமும் கடற்கரைக்கு ஒரு பக்கமும் எழுதத் தொடங்கினான்.

அக்காவுக்கு இந்தக் கணக்குகளில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. "இதெல்லாம் இருக்கட்டும் தம்பி, மழைக்காலத்துல இந்த வீட்டுல துணி காய ஒரு வழி சொல்லு" என்றார். அவர் சட்டைகளைக் கொடியின் மேல் இரண்டாக மடித்துப் போடுவதை அப்போதுதான் கவனித்தேன். பனியன் துண்டு ஒன்றை அப்படியே மடித்துப் போட்டு, இன்னொன்றை விரித்துக் கிளிப்பில் தொங்கவிட்டு எடை பார்த்தோம். விரித்தது 54 நிமிடத்தில் காய்ந்தது. மடித்தது ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்தும் மடிப்பின் உள்பக்கத்தில் குளிர்ந்தே இருந்தது. உள்முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் காற்றுக்குக் கிடைத்த பரப்பு பாதியாகிவிட்டது. மறுநாள் காலை அக்கா சட்டைகளின் கீழ் ஓரத்தில் கிளிப் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, கால்சட்டைகளின் பைகளை வெளியே இழுத்துவிட்டிருந்தார். கிளிப் போதாமல் போனதால் அண்ணன் மகனைக் கடைக்கு அனுப்பினார்.